ஸ்டீபன்சி கொசுக் காலனி சரியும்போது எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக

இங்கே எழுதுவதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவைப் பற்றி. சென்னை மாதிரி ஊர்களில் கிணற்றிலும் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிட்டு நகர மலேரியாவைப் பரப்புகிற அதே இனம். ஏடிஸ் வளர்த்துக் கை பழகியவர்கள் இதற்கு மாறும்போது முதலில் தடுமாறுவது ஓர் இடத்தில்தான். ஏடிஸ் முட்டையைத் தாளோடு காயவைத்து மாதக்கணக்கில் எடுத்து வைக்கலாம், ஸ்டீபன்சி முட்டை காய்ந்தால் போயிற்று. அலமாரியில் கையிருப்பு என்று எதுவும் இருக்காது. ஒரு தலைமுறை கைதவறினால் காலனியே கைதவறியதுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கோளாறு தெரிகிற இடமும் கோளாறு நடந்த இடமும் பெரும்பாலும் வேறு வேறு. பெண் கொசு ரத்தம் குடித்தும் முட்டை வைக்கவில்லை என்றால் எல்லோரும் ரத்தத்தைத்தான் சந்தேகப்படுவார்கள், ஆனால் தப்பு பத்து நாளுக்கு முன் புழுத் தட்டில் நடந்திருக்கும். அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் நாட்காட்டியில் பின்னால் போய்ப் பார்க்கப் பழக வேண்டும். அப்படிப் போக, சரியாக ஓடுகிற காலனியின் நாட்காட்டி மனதில் இருக்க வேண்டும். 27 டிகிரியில் முட்டை இரண்டு நாளில் பொரியும். பொரித்த ஏழாவது எட்டாவது நாளில் முதல் கூட்டுப்புழு தெரியும், அடுத்த இரண்டு மூன்று நாளில் மிச்சமும் மாறிவிடும். கூட்டுப்புழுவிலிருந்து கொசு வர ஒன்றரையிலிருந்து இரண்டு நாள். ஆண்கள் கொஞ்சம் முந்தி வரும். வெளிவந்த நாலாவது ஐந்தாவது நாள் ரத்தம், அதிலிருந்து இரண்டு மூன்று நாளில் முட்டை. இதில் எங்கே நாள் தள்ளிப்போகிறதோ அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம்.

புழுக்கள் முதல் மூன்று நாளிலேயே செத்து மிதக்கின்றன, தண்ணீர் மேல் ஆடை படிந்திருக்கிறது

இது தீனி அதிகம். பத்தில் எட்டு முறை இதுதான், வேறு எதையும் யோசிக்கும் முன் தட்டை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் முடிவு தெரிந்துவிட்டது. ஏடிஸ், கியூலெக்ஸ் புழுக்களுக்கு வால் பக்கம் மூச்சுக்குழாய் உண்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அந்தக் குழாய் நுனியை மட்டும் மேலே நீட்டும். அனாபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது. நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக்கொண்டுதான் மூச்சும் விடும், தீனியும் தின்னும். அதனால் பாக்டீரியா ஆடை படிந்தால் மூச்சுவிடும் இடமும் சாப்பாட்டுத் தட்டும் ஒரே சமயத்தில் அடைபட்டுவிடுகிறது.

நம் ஊர் ஆய்வுக்கூடங்களில் நாய் பிஸ்கட்டும் ஈஸ்ட்டும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கலந்து போடுவது வெகுநாள் பழக்கம். மீன் தீனித் தூளும் நன்றாகவே வேலை செய்யும். எதுவானாலும் மாவு போல அரைத்து மெல்லிய சல்லடையில் சலித்து, காய்ந்த தூளாகப் பரப்பின் மேல் தூவ வேண்டும். கரைத்து ஊற்றினால் பாதி அடியில் போய்ப் படிந்துவிடும், அதை இந்தப் புழு தேடிப் போய்த் தின்னாது, அங்கேயே கிடந்து அழுகும்.

அளவுக்கு வருவோம். 30க்கு 25 செ.மீ. தட்டில் ஒன்றரை செ.மீ. ஆழத்துக்கு ஒரு லிட்டர் சொச்சம் தண்ணீர், 200 முதல் 250 புழு. முதல் இரண்டு நாள் விரல் நுனியில் ஒட்டுகிற அளவுதான் போடுவேன், எடை போட்டால் 20, 30 மில்லிகிராம் இருக்கும். நாலாம் பருவப் புழு ஆனபிறகு ஒரு புழுவுக்கு நாளுக்கு அரை மில்லிகிராம் என்று வைத்து, அதையும் காலை மாலை என்று பிரித்துப் போடுவேன். இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். காலையில் போட்டது மதியம் கண்ணுக்குத் தெரியக்கூடாது, மாலையிலும் மிதந்தால் அடுத்த வேளை கிடையாது. இந்த ஒரு பழக்கம் போதும்.

ஆடை படிந்துவிட்ட தட்டைக் காப்பாற்றலாம். டிஷ்யூ தாளை நீர்ப்பரப்பின் மேல் விரித்து மெதுவாக இழுத்தால் ஆடை தாளோடு வந்துவிடும். ஒட்டிக்கொண்டு வரும் புழுக்களை ஒரு கிண்ணத் தண்ணீரில் அலசி எடுத்துவிடலாம். பிறகு பாதித் தண்ணீரை மாற்றி ஒருநாள் பட்டினி போடுங்கள். மாற்றுகிற தண்ணீரும் அதே வெப்பத்தில், ஒரு நாளாவது திறந்து வைத்த தண்ணீராக இருக்க வேண்டும். குழாயில் வரும் குளோரினை நேராக ஊற்றி ஒரே மணி நேரத்தில் தட்டைக் காலி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புழுக்கள் சாகவில்லை, ஆனால் பத்து நாளாகியும் கூட்டுப்புழு வரவில்லை

அறையின் சுவரில் இருக்கும் வெப்பமானி 27 என்று காட்டும், நீங்களும் அதை நம்பி உட்கார்ந்திருப்பீர்கள். தட்டுக்குள் ஒரு வெப்பமானியைப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அறைக் காற்றைவிட இரண்டு டிகிரி வரை குளிர்ந்தே இருக்கும், ஏசி காற்று நேராகப் படும் அலமாரி என்றால் இன்னும் கீழே போகும். 24 டிகிரித் தண்ணீரில் புழு நன்றாகத்தான் இருக்கும், நாள்தான் நீளும். அதே அறையில் மேல் தட்டு முந்துகிறது, கீழ்த் தட்டு பிந்துகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். அறையின் இலக்கைத் தண்ணீரில் அளந்து வையுங்கள், காற்றில் அல்ல. மறுபக்கம் 30ஐத் தாண்ட விடாதீர்கள், வளர்ச்சி வேகமாகத் தெரிந்தாலும் கொசு சிறுத்துப் போகும், இறப்பும் கூடும்.

ஒரே தட்டில் பாதி கூட்டுப்புழுவாகி மிச்சம் இரண்டாம் பருவத்திலேயே நின்றால் அது வெப்பமல்ல, நெரிசல். எண்ணிப் போடாமல் கண்மதிப்பில் முட்டையைக் கொட்டியிருப்பீர்கள். பெரிய புழு முந்திக்கொண்டு தீனியைத் தின்றுவிடும், சிலசமயம் குட்டிப் புழுவையும். பொரித்த மறுநாளே எண்ணிப் பிரித்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

கூட்டுப்புழு சாகிறது, அல்லது கொசு பாதி வெளியே வந்து தோலோடு ஒட்டிச் செத்திருக்கிறது

பாதி வெளிவந்து சாவது அதிகமும் காய்ந்த காற்றால் அல்லது அழுக்குத் தண்ணீரால். கூட்டுப்புழுக்களைப் புழுத் தண்ணீரோடேயே கூண்டில் வைக்காதீர்கள், சுத்தமான தண்ணீரில் ஒருமுறை அலசி, கிண்ணத்தை மாற்றி வையுங்கள். இப்படிச் செய்தும் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சாகிறது என்றால் கடைசி இரண்டு நாள் புழுவுக்குத் தீனி பற்றவில்லை என்று அர்த்தம். கூட்டுப்புழு எதையும் தின்னாது, கொண்டுவந்த சேமிப்பில்தான் கொசுவாக மாற வேண்டும்.

கூண்டில் கொசுக்கள் ஒரேயடியாகச் சாகின்றன

ஒரே இரவில் எல்லாக் கூண்டும், தட்டுகளும் சேர்ந்து போயிருந்தால் மருந்துதான். பக்கத்து அறையில் யாராவது திரவக் கொசுவிரட்டி செருகியிருப்பார்கள், அல்லது வளாகத்தில் புகை அடித்திருப்பார்கள், அல்லது தரை துடைக்கும் ஆள் அறைக்கு வெளியே கரப்பான் ஸ்ப்ரே அடித்திருப்பார். வருகிறவர் எல்லோரிடமும் கேளுங்கள், கோபப்படாமல் கேளுங்கள், இல்லாவிட்டால் உண்மை வராது. ஒரு கூண்டு மட்டும் என்றால் எறும்பு. கூண்டு நிற்கிற மேசையின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருப்பீர்கள், ஆனால் சுவரைத் தொடும் ஒரு துணி மூலை அல்லது மின்கம்பி போதும் அதற்குப் பாலம் போட.

மெதுவாக, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது என்றால் ஈரப்பதமும் சர்க்கரையும். 70 முதல் 80 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். கடற்கரை ஊர்தானே, ஈரத்துக்கு என்ன குறை என்று நினைத்துவிடக் கூடாது. ஏசி குளிரவைப்பதே காற்றிலிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே சொட்டவிட்டுத்தான். மூடிய அறையில் இரவு முழுக்க ஓடினால் 50க்குக் கீழே சாதாரணமாகப் போகும். அளவுமானி சொல்வதையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன மூடியில் சமையல் உப்பை எடுத்து, ஈர மணல் போலக் குழைகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, அளவுமானியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடைய பழைய மானி 86 காட்டியது, அதாவது பல மாதமாக அறை 75 என்று நினைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் உள்ளே 64தான் இருந்திருக்கிறது.

ரத்தம் வைத்தும் குடிக்க வரவில்லை

பாராஃபிலிம் சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையில் ரத்தம் ஊற்றி, அதைச் சுற்றி வெந்நீர் ஓடவிடும் முறையைத்தான் சொல்கிறேன். முதலில் ரத்தத்தின் சூட்டை அளக்க வேண்டும், வெந்நீரை அனுப்பும் வாட்டர் பாத் காட்டும் எண்ணை அல்ல. அங்கிருந்து குழாய் வழியாக வருவதற்குள் சூடு இறங்கிவிடும். என் அமைப்பில் 39 வைத்தால்தான் குவளைக்குள் 37 கிடைக்கிறது. 34க்கு இறங்கினால் கொசு சவ்வில் உட்கார்ந்து எழுந்து போய்விடும்.

சூடு சரி என்றால் பசியைப் பாருங்கள். கொசுவுக்கு உணவாக வைக்கும் சர்க்கரைப் பஞ்சைக் குறைந்தது ஆறு மணி நேரம் முன்னால் எடுத்துவிட வேண்டும், தண்ணீர்ப் பஞ்சு மட்டும் இருக்கலாம். வயது மூன்று நாளுக்குக் குறைவு என்றால் காத்திருங்கள். ஸ்டீபன்சி மாலையிலும் இரவிலும் கடிக்கும் கொசு, ஆகவே பகல் பதினொரு மணிக்குக் குழல் விளக்கின் கீழ் குவளையை வைத்துவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்பதில் நியாயமில்லை. விளக்கை அணைத்துவிட்டு, கறுப்புத் துணி போட்டு, கூண்டின் வலைமேல் இரண்டு முறை மூச்சு ஊதுங்கள். சவ்வைக் கட்டும் முன் உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்துக் கட்டுங்கள், நம் தோல் வாடை அதற்குப் போதுமான அழைப்பு. பாராஃபிலிமை இரு பக்கமும் சமமாக, ஒளி ஊடுருவும் அளவுக்கு இழுத்து மெலிதாக்க வேண்டும். சவ்வுக்கும் ரத்தத்துக்கும் நடுவே காற்றுக்குமிழ் இருந்தால் அந்த இடத்தில் எந்தக் கொசுவும் குடிக்காது.

அப்புறம் ரத்தம். கறிக்கடையிலிருந்து ஆட்டு ரத்தம் எடுப்பவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட்ட சுத்தமான பாட்டிலில் பிடித்து, குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். உறைபெட்டியில் வைத்தால் செல் உடைந்து விடும், மேலே நிற்கும் தெளிந்த நீர் சிவப்பாக மாறினாலே தெரியும். அரைமணி நேரம் வைத்திருக்கும்போது செல் அடியில் படியும், இரண்டு மூன்று முறை கலக்கிவிடுங்கள். இன்னொரு முக்கியமான விஷயம்: நன்றாகக் குடித்த பெண் கொசுக்கள் ஒன்றிரண்டு நாளில் கூட்டமாகச் செத்தால் அந்த ஆட்டுக்கு அண்மையில் பூச்சிமருந்து போட்டார்களா என்று விசாரியுங்கள். குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டின் ரத்தத்தில் தங்கும், அதைக் குடித்த அனாபிலிஸ் செத்துப்போகும்.

வயிறு முட்டக் குடித்தது, ஆனால் முட்டை இல்லை, இருப்பதும் பொரிக்கவில்லை

எனக்கு அதிக நாள் தூக்கம் போனது இதில்தான், அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

ஒரு கோடைகாலம். 400 கூட்டுப்புழு வைத்த கூண்டு, அதில் 120 பெண்கள் வயிறு சிவக்கக் குடித்தன. ஒரு பெண்ணுக்கு அறுபது எழுபது என்று பார்த்தாலும் எட்டாயிரம் முட்டை வர வேண்டும். வந்தது ஏறக்குறைய 900, அதிலும் ஐந்தில் ஒன்றுதான் பொரித்தது. உடனே ரத்தத்தை மாற்றினேன், அடுத்த கூண்டிலும் அதே கதை. முட்டைக் கிண்ணத்தின் உள்ளே சுற்றி வைக்கும் வடிதாளை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன். இரண்டு வாரம் இப்படி வீணாகப் போயிற்று.

செய்திருக்க வேண்டிய முதல் சோதனை வேறு. குடித்து மூன்று நாளான இருபது பெண்களைக் குளிரவைத்து, உப்புநீர்த் துளியில் ஒவ்வொன்றாக வயிற்றின் கடைசிக் கண்ணிகளை ஊசியால் இழுத்துப் பிரித்துப் பார்த்தேன். சினைப்பையில் முட்டை முழுசாக வளர்ந்திருந்தது. அப்படியென்றால் ரத்தம் வேலை செய்திருக்கிறது. அது தன் உடம்பைத் தேற்றவே முதல் ரத்தத்தைச் செலவழிக்கும் சோனிப் பெண் என்றால் முட்டை வளர்ந்தே இருக்காது, அப்போது அடுத்தடுத்த இரண்டு நாள் ரத்தம் கொடுத்து, புழுத் தட்டைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். இங்கே அதுவல்ல. அடுத்து விந்துப்பை. ஏடிஸில் மூன்று இருக்கும், அனாபிலிஸில் ஒன்றே ஒன்று, பழுப்பு நிறச் சின்ன உருண்டை. அதை மூடுகண்ணாடிக்குக் கீழே நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் ஆணோடு கலந்த பெண்ணிடம் விந்து நூல்நூலாக நெளிவது தெரியும். இருபதில் பதின்மூன்று காலி. கலக்காத பெண் முட்டையை வளர்க்கும், ஆனால் வைக்காமல் அடக்கி வைத்திருக்கும், வைத்தாலும் பொரிக்காது.

ஆண்கள் எங்கே போயின? நாலாம் நாள் கூண்டை எண்ணிப் பார்த்தேன், 200 இருக்க வேண்டிய இடத்தில் முப்பது. காலையில் கூண்டைச் சுத்தம் செய்கிற தம்பியிடம் கேட்டேன். "அண்ணே, தினமும் கொஞ்சம் செத்துக் கிடக்கும், உறிஞ்சி எடுத்துப் போட்டுடுவேன்" என்றார். அவர்மேல் தப்பில்லை, எண்ணி எழுதச் சொல்லி நான்தான் சொல்லவில்லை. பிறகு ஈரப்பதத்தைக் கால்மணிக்கு ஒருமுறை பதிவு செய்யும் கருவியைக் கூண்டுக்குள்ளேயே தொங்கவிட்டேன். இரவு ஒரு மணி வரை 74, அதன்பிறகு சரிந்து ஆறு மணி வரை 44. வெயில் கூடியதால் ஏசியை இரவிலும் அதிகமாக ஓடவிட்டிருந்தோம். மாலை ஐந்துக்கு நிரப்பிய ஈரப்பதக் கருவியின் தொட்டி நடுஇரவுக்கு மேல் காலியாகி, கருவி சும்மா நின்றிருக்கிறது. கூண்டின் மேல் வைத்த சர்க்கரைப் பஞ்சு மூன்று மணிக்கே மரத்துண்டாகக் காய்ந்துபோயிருந்தது. பெண்ணுக்குச் சேமிப்பு கொஞ்சம் கூடுதல், தாக்குப்பிடித்தது. ஆணுக்குச் சர்க்கரையை விட்டால் வேறு உணவே கிடையாது, அதோடு வெளிவந்த முதல் நாள் அதன் பின்னுறுப்பு சுழன்று முடியும்வரை அதனால் கலக்கவும் முடியாது. கலக்கத் தயாராகும் இரண்டு மூன்று இரவுகளில்தான் அவை பட்டினியால் செத்துக்கொண்டிருந்தன. எங்களுக்கோ அது ஒரு வாரம் கழித்து, முட்டைக் கிண்ணத்தில் தெரிந்தது.

செய்த மாற்றம் சின்னதுதான். தொட்டியைப் பெரிதாக்கி, காலை வரை தாங்கும்படி வைத்தோம். பத்து சதவீதச் சர்க்கரைக் கரைசலைப் பஞ்சில் மட்டும் நம்பாமல், திரி செருகிய சின்னப் பாட்டிலில் கூண்டுக்குள்ளும் வைத்தோம், கூண்டின் மேலே ஈரத்துண்டு போட்டுப் பாதியைப் பாலித்தீனால் மூடினோம். முழுவதும் மூடினால் பூஞ்சை பிடிக்கும், ஆகவே பாதிதான். விளக்கை டக்கென்று அணைப்பதையும் நிறுத்தி, அரைமணி நேரம் மங்கவிட்டு அணைக்கும்படி செய்தோம், அந்தி நேரத்தில்தான் ஆண்கள் கூட்டமாகப் பறக்கும். அடுத்த கூண்டில் 110 பெண்கள் குடித்தன, இருபதைப் பிரித்துப் பார்த்ததில் பதினெட்டில் விந்து இருந்தது, மிச்சமிருந்த தொண்ணூறிடமிருந்து கிட்டத்தட்ட 6,000 முட்டை வந்து, பத்தில் எட்டுக்கு மேல் பொரித்தது. இப்போது பதிவேட்டில் "செத்த ஆண்" என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது, நாலாம் நாளுக்குள் அந்தக் கட்டத்தின் கூட்டுத்தொகை நாற்பதைத் தாண்டினால் அந்தக் கூண்டுக்கு ரத்தம் வைக்காமல் முதலில் இரவு ஈரப்பதப் பதிவை எடுத்துப் பார்க்கிறோம்.